286 கிராம் டிபன் பாக்ஸ்

கேள்வி: "நான் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். சாப்பிடுவதை எல்லாம் தராசில் வைத்து ஆப்பில் எழுதுகிறேன். ஆனாலும் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு என்ற மேக்ரோ கணக்கு ஒரு நாளும் சேர மாட்டேன் என்கிறது. ஒருநாள் எக்கச்சக்கம், மறுநாள் பாதிதான். எங்கே தப்பு?"

இதே கேள்வியோடு என் சித்தி மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் பல வருடம் உணவியல் பிரிவில் இருந்துவிட்டு சொந்த ஊரான மண்டபத்துக்கே திரும்பி வந்தவள். அதனால் குடும்பத்தில் யாருக்கு சர்க்கரை கூடினாலும் எடை ஏறினாலும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அவள் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டிய பதில் அதற்குள் இருக்கிறது.

அவளுக்கு இறால், கணவாய் உறைய வைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் எடை மேஜை வேலை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. ரப்பர் பூட்ஸ், தலைக்கு வலை, கைக்கு உறை, காலடியில் ஐஸ் தண்ணீர். 1:30 மணிக்குச் சாப்பாட்டு நேரம். மருத்துவர் எடை குறைக்கச் சொன்னதும், ஜிம்முக்குப் போகும் அவள் தம்பி போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்து, ஒரு நாளைக்குப் புரதம் 70 கிராம், மாவுச்சத்து 230, கொழுப்பு 45 என்று வைத்துவிட்டான். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. கூட்டினால் 1,605. தம்பி போட்ட கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவள் கொண்டுவந்த நோட்டில் இரண்டு மாதக் கணக்கு இருந்தது. டிபன் பாக்ஸில் சோறு 320 கிராம், மீன் குழம்பு 210 கிராம், எல்லாம் நிறுத்து எழுதியது. பாக்ஸ் ஒன்றே 1,300 கலோரியைத் தாண்டியிருந்தது. மீதம் 300 சொச்சம்தான் என்று பயந்து மத்தியானம் இரண்டு வாய் மோர் சாதம், ராத்திரி கிளம்பும்போது ஒரு டீ. விடியக்காலை 4 மணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும், கேன்டீனில் பன்னும் இனிப்பு டீயும். அதை எழுத மனசு வராது. எடையோ அரை கிலோ குறையும், முக்கால் கிலோ ஏறும்.

"தராசு சரியில்லையாக்கா? கடல் காத்துல எல்லாம்தான் துருப் புடிக்குது."

தராசை முதலில் பார்த்தோம். ஒரு லிட்டர் பாட்டிலை வெறுமையாக வைத்துப் பூஜ்யமாக்கி, மருந்து அளக்கும் குவளையில் 200 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றினேன். 200-க்கு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டியது. தராசில் குற்றமில்லை. அவள் நிறுத்த விதத்திலும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. நித்தம் எடை மேஜையில் நிற்கிறவள் அல்லவா. பாக்ஸை மூடியோடு வைத்துக் கழித்திருந்தாள். நிறையப் பேர் மூடியில்லாமல் கழித்துவிட்டு மூடியோடு நிறுத்தி 70 கிராம் சோற்றைக் காற்றிலிருந்து வரவழைப்பார்கள். அவள் அதையும் செய்யவில்லை.

அப்புறம் போனை வாங்கி, "சோறுக்கு எதைத் தேர்ந்தெடுக்கிறாய்?" என்று கேட்டேன். தேடல் பெட்டியில் ரைஸ் என்று போட்டால் முதலில் வருவதை அமுக்குவாளாம். முதலில் வந்தது 100 கிராமுக்கு 352 கலோரி என்றது.

அது அரிசி. சோறு இல்லை.

அவளிடம் இதைச் சொல்ல நான் புத்தகத்தைத் தேடவில்லை. "கம்பெனியில் கிளேஸ் என்று ஒன்று போடுவீர்களே, அது என்ன?" என்றேன். உறைந்த இறாலைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், மேலே கண்ணாடி மாதிரி ஒரு ஐஸ் தோல் படியும். இறால் காயாமல் இருக்க அது வேண்டும். ஆனால் பாக்கெட்டில் போடும் நிகர எடையில் அந்த ஐஸ் சேராது. சோதனை செய்யும்போது ஐஸைக் கரைத்து வடித்துவிட்டுத்தான் இறாலை நிறுப்பார்கள். இதை அவள் எனக்குப் பாடமாகவே நடத்தினாள். நடத்தி முடிக்கும்போது அவளே நிறுத்திவிட்டாள். "அப்ப நான் ரெண்டு மாசமா ஐஸையும் எறான்னு எழுதிட்டு இருந்திருக்கேன்."

அதேதான். சோறு என்பது தண்ணீர் குடித்த அரிசி. தண்ணீருக்குக் கலோரி கிடையாது. 320 கிராம் சோற்றை 320 கிராம் அரிசி என்று எழுதினால் பாதிக்கு மேல் தண்ணீருக்குக் கணக்கு எழுதுகிறோம் என்று அர்த்தம்.

எவ்வளவு தண்ணீர் என்பதுதான் அடுத்த கேள்வி. இதற்கு ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு எண் கிடையாது. புழுங்கல் அரிசியா பச்சரிசியா, புதுசா பழசா, குக்கரா வடிக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். அதனால் மறுநாள் சித்தி வீட்டு அடுப்படிக்கே போனோம். சித்தி புழுங்கல் அரிசியைப் பானையில் வேகவைத்து வடிப்பவர். அன்று போட்ட அரிசி 600 கிராம். வடித்து, ஆவி அடங்கியபின் சோற்றை நிறுத்தால் 1,680 கிராம். 1,680-ஐ 600-ஆல் வகுத்தால் 2.8. இதுதான் அந்த வீட்டு எண். இதை ஒரே நாளில் எடுத்துவிட்டு நம்பாதீர்கள். மூன்று நாள் எடுங்கள், பெரிதாக மாறாவிட்டால் அரிசி மூட்டை மாறும் வரை அதையே வைத்துக்கொள்ளலாம்.

இனி பாக்ஸில் இருக்கும் 320 கிராமை 2.8-ஆல் வகுத்தால் அரிசிக் கணக்கில் 114 கிராம். ஆப்பில் அரிசி என்ற அதே வரியை வைத்துக்கொண்டு எடையை மட்டும் 114 என்று போட்டால் போதும். மாவுச்சத்து 247 கிராமிலிருந்து 88-க்கு இறங்கியது. கலோரி 1,126-லிருந்து 401. அவள் கவனித்தது வேறொன்றை. "அக்கா, புரதமும் எறங்கிருச்சே." ஆமாம், 25 கிராம் காட்டிய சோற்றுப் புரதம் 9 ஆனது. இந்த இடம்தான் என்னைப் பொறுத்தவரை மோசமானது. கலோரி கூடுதலாகக் காட்டினால் ஆள் பட்டினி கிடப்பார், தெரிந்துவிடும். புரதம் கூடுதலாகக் காட்டினால் "இன்றைக்கு வேண்டியது வந்துவிட்டது" என்று முட்டையை விட்டுவிடுவார், வெளியே தெரியாது. ஒரு டிபன் பாக்ஸ் வெறும் சோறு 25 கிராம் புரதம் தருவதாக எந்த ஆப் சொன்னாலும் அங்கேயே சந்தேகப்படுங்கள். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 125, 130 கலோரி. உங்கள் ஆப்பில் 350-ஐ ஒட்டி இருந்தால் நீங்கள் எழுதுவது அரிசி.

வடித்த கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்தும் போய்விடும், அதனால் உண்மையான எண் 88-க்குச் சற்றுக் கீழே. சித்தி வீட்டில் கஞ்சியில் உப்புப் போட்டு ஆளுக்கொரு டம்ளர் குடிப்பார்கள், ஆகவே போனது திரும்பி வந்துவிடுகிறது. நான் அதைக் கழிக்கவில்லை.

பழைய சோறு என்றால் இந்த 2.8 செல்லாது. ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அது இன்னும் குடிக்கும். காலையில் பிழிந்து நிறுத்தாலும் எடை கூடத்தான் இருக்கும். வெயில் காலத்தில் எங்கள் பக்கம் பாதி வீட்டில் மத்தியானச் சாப்பாடே அதுதான். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே உங்கள் பங்கை நிறுத்து எழுதிவிடுங்கள்.

சரி, மீன் குழம்பு. 210 கிராம் என்று ஒரே எடையாக எழுதி, ஆப்பில் யாரோ எழுதி வைத்த ஒரு மீன் குழம்பைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அது எந்த ஊர் அடுப்பில் கொதித்ததோ. அன்றைக்கு சித்தி வைத்தது பாறை மீன் குழம்பு. பாக்ஸில் போட்ட துண்டுகளைத் தனியே எடுத்து நிறுத்தோம், 126 கிராம். குழம்பு 84. வேலைக்குப் போகும்போது அவளிடம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா கொடுத்து, முள்ளையும் மிச்சத்தையும் அதில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். காலையில் 34 கிராம் முள் திரும்பி வந்தது. ஆக அவள் தின்ற சதை 92 கிராம். வெந்த பாறை மீனில் அது 20 கிராமுக்குச் சற்று மேல் புரதம். நாலு நாள் முள்ளைச் சுமந்த பிறகு அந்த மீனுக்குக் கால்பங்கு முள் என்று பிடிபட்டுவிட்டது, அப்புறம் டப்பா தேவைப்படவில்லை. சூடை மாதிரிச் சின்ன மீனை முள்ளோடு மென்று தின்பவருக்கு இந்தக் கழிவு வேறு.

குழம்பில் எண்ணெய்தான் ஆள். சித்தியின் கைக்கு அளவு கிடையாது, பாட்டிலைச் சாய்த்தால் சாய்த்ததுதான். எனவே எண்ணெய்ப் பாட்டிலைத் தாளிப்பதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை நிறுத்தோம். 45 கிராம் குறைந்திருந்தது. இது எந்தக் கரண்டி அளவையும்விட நம்பகமானது, சமைப்பவர் கையையும் தடுக்காது. அரைத்த தேங்காய் 90 கிராம். தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அது ஒரு 30. மொத்தம் 75 கிராம் கொழுப்பு. மீனை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் நிறுத்தால் (சட்டியின் எடையைக் கழித்துத்தான்) 980 கிராம். அவள் பங்கு 84 கிராமுக்கு 6 கிராம் சொச்சம் கொழுப்பு வரவேண்டும்.

வரவேண்டும் என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் சித்தி பாக்ஸில் ஊற்றுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கரண்டியை உள்ளே விடவில்லை. சட்டியை லேசாகச் சாய்த்து, எண்ணெய் செவப்பாக மிதக்கும் மேல் குழம்பை மட்டும் வழித்து எடுத்தார். "என்ன சித்தி, கலக்கி ஊற்றக் கூடாதா?" என்றேன். "புள்ள ராத்திரி பூரா ஐஸுல நிக்கிது. அடிக் குழம்பையா ஊத்துறது?" என்றார். அந்தப் பாக்ஸில் 6 கிராமா 12 கிராமா என்று எந்த வீட்டுத் தராசும் சொல்லாது. சராசரி எண் செல்ல வேண்டுமானால் ஊற்றும் முன் அடி வரை கலக்க வேண்டும். இதற்கு சித்தியைச் சம்மதிக்க வைக்க, அரிசிக் கணக்கைவிட அதிக நாள் பிடித்தது.

திருத்திய பாக்ஸ் மொத்தம் 600 கலோரியை ஒட்டி வந்தது. முன்பு எழுதியதில் பாதிக்கும் கீழே. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதம் மத்தியானம் வயிற்றைக் காயப்போட்டதை நினைத்திருப்பாள்.

இவ்வளவுக்குப் பிறகும் நாள் கணக்கு சேரவில்லை. நோட்டில் ஞாயிறு ஏகத்துக்கு எகிறி நிற்கும், திங்கள் தரையில் கிடக்கும். இதற்குக் காரணம் சமையலறையில் இல்லை, கடிகாரத்தில். ஆப்புக்கு நாள் என்பது நடு இரவு 12 மணிக்கு மாறும். அவளுக்கு நாள் என்பது மத்தியானம் 2 மணிக்கு எழுந்து மறுநாள் காலை 7:30-க்குப் படுக்கும் வரை. சனிக்கிழமை ஷிஃப்டில் 1:30-க்குத் தின்ற பாக்ஸ் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் விழுகிறது. 4 மணி டீயும், வீட்டுக்கு வந்து தின்ற இட்லியும் ஞாயிறுதான். ஞாயிறு விடுமுறை, மத்தியானம் குடும்பத்தோடு நண்டு, ராத்திரி பரோட்டா. இரண்டு நாள் சாப்பாடு ஒரு தேதியில். அன்று ராத்திரி தூங்கிவிட்டு திங்கள் எழுந்தால், அன்றைய பாக்ஸ் செவ்வாய்க்கிழமைக்குப் போய்விடுகிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வாரம் முழுக்கத் தொடர்ந்து நைட் பார்த்தால், எந்தத் தேதியிலும் ஒரு பாக்ஸ் விழுந்துகொண்டேதான் இருக்கும், மொத்தம் ரொம்ப மாறாது. ஆனால் அப்போதும் ஒரு கோளாறு உண்டு. ராத்திரி 8:30-க்கு பாக்ஸ் கட்டும்போது "இன்னும் எவ்வளவு மிச்சம்" என்று போனைப் பார்ப்பாள் அல்லவா? அதில் கழிந்திருப்பது நேற்று ராத்திரிப் பாக்ஸ். இன்றைக்குக் கட்டப்போவது நாளைய தேதியில் எழுதப்படப்போவது. சம்பளப் பணத்தை எண்ணாமல் போன மாதப் பற்றுச்சீட்டைப் பார்த்துச் செலவு செய்கிற மாதிரி.

தீர்வு எளிது, சோம்பல்தான் தடை. எழுந்த தேதிதான் அந்த நாளின் தேதி. 12 மணிக்குப் பிறகு தின்பதை எழுதும்போது ஆப்பில் ஒரு நாள் பின்னுக்குத் தள்ளி நேற்றைய தேதியில் போட வேண்டும், தூங்கப் போகும் வரை. அவள் பாக்ஸைக் கட்டும்போதே, அதாவது 8:30-க்கே, எழுதிவிடுகிறாள். தேதி தானாகச் சரியாக இருக்கும், மீந்தால் காலையில் எடையைக் குறைத்துக்கொள்வாள். விடுமுறை நாளில் தூக்கம் முன்னே பின்னே ஆகும், அந்த ஒரு நாள் கோணலாகத்தான் இருக்கும். அதனால் நாளைப் பார்க்காதே, வாரத்தைக் கூட்டி ஏழால் வகு என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு இன்னொரு சந்தேகமும் வரலாம், அவளுக்கும் வந்தது. எல்லாம் திருத்தியபின்னும் 4, 4, 9 போட்டுக் கூட்டினால் ஆப் காட்டும் கலோரியோடு அஞ்சு பத்து உதைக்கிறதே என்று. அது பிழை இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணையில் புழுங்கல் அரிசி 100 கிராமுக்குப் புரதம் 7.81, கொழுப்பு 0.55, மாவுச்சத்து 77.16. பெருக்கிக் கூட்டினால் 345. ஆனால் அங்கே ஆற்றல் 1,471 கிலோஜூல் என்று இருக்கும், 4.184-ஆல் வகுத்தால் 352. அந்த 7 எங்கிருந்து வந்தது? நார்ச்சத்து 3.74 கிராம். அதை மாவுச்சத்திலிருந்து தனியே பிரித்து, கிராமுக்கு 2 கலோரி என்று சேர்த்திருக்கிறார்கள். வேறு சில அட்டவணைகள் நாரையும் மாவுச்சத்துக்குள்ளேயே வைத்திருக்கும். ஆகவே நூற்றுக்கு இரண்டு மூன்று இடித்தால் விட்டுவிடுங்கள். மூன்று மடங்கு இடித்தால்தான் தராசை எடுக்க வேண்டும்.

தராசு பற்றி ஒரே ஒரு விஷயம். இந்தச் சின்னத் தராசுகள் கொஞ்ச நேரம் தொடாவிட்டால் தானே அணைந்துவிடும். பாக்ஸைப் பூஜ்யமாக்கி வைத்துவிட்டு, சோறு எடுக்கப் போய் யாரோ கூப்பிட்டார்கள் என்று நின்று பேசிவிட்டு வந்தால் அது அணைந்திருக்கும். பாதிச் சோற்றோடு மறுபடி அமுக்கினால், இருப்பதை எல்லாம் சேர்த்துப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அவளுக்கு இது இரண்டு முறை நடந்தது. அதனால் பூஜ்யமாக்குவதையே விட்டுவிட்டோம். வெறும் பாக்ஸை மூடியோடு நிறுத்தால் 286 கிராம். முழு எடையிலிருந்து மனசாலேயே அதைக் கழித்துவிடலாம், எண் நினைவிருந்தால் போதும்.

போன வாரம் சித்தி அந்தப் பாக்ஸைப் பாத்திரக்கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அடியில் ஏற்கெனவே அவள் கல்யாணத்துக்கு மொய் வைத்தவர் பெயர் வெட்டியிருக்கிறது. அதற்குக் கீழே 286 என்று வெட்டச் சொன்னாராம். கடைக்காரர், "இது என்னம்மா, வீட்டு நம்பரா?" என்று கேட்டிருக்கிறார்.